கண் முகாம் முடிந்தது, செய்திமடலில் யார் யார் பெயரைப் போடுவது?

"முகாம் சிறப்பாக நடைபெற ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று குடியிருப்போர் நலச்சங்க மடலில் ஒரு வரி போட்டால், யாருக்கும் நன்றி சொன்னதாகாது. பெயர் போடப் போனால் நாலு பேர் விடுபடுவார்கள். கவனித்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் விடுபடுவது ஒரே மாதிரி ஆட்கள்தான்: அடுப்படியில் நின்றவர், போட்டோ எடுத்தவர், முகாம் முடிந்த பிறகு உழைத்தவர். ஒருநாள் இலவசக் கண் பரிசோதனை முகாமை வைத்தே வழிமுறையைப் பார்ப்போம்.

1. முதலில் வேலைகள், பிறகு பெயர்கள்

ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் ஆள். எக்செல்லைவிட நோட்டே மேல். முகாம் மேசையிலேயே வைத்து எழுதலாம். "யார் யார் வந்தீங்க?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், குழுவை அடிக்கடி பார்ப்பவர்கள் பெயர் மட்டுமே வரும். போட்டோக்களை வைத்துப் பட்டியல் போட்டாலும் இதே கதைதான்.

வேலைகளை நேர வரிசையில் எழுதுங்கள். முந்தைய வாரம்: பள்ளிக்கூட ஹாலுக்கு அனுமதி, நோட்டீஸ், ஆட்டோவில் அறிவிப்பு. அன்று: டோக்கன், பதிவு மேசை, பெரியவர்களை வண்டியில் கூட்டிவந்தது, டீ, சுண்டல். மாலை: பெஞ்சுகளைப் பழைய இடத்தில் போட்டது, ஹாலைக் கழுவியது.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முகாமில் கண்புரை இருப்பதைக் கண்டுபிடிப்பதோடு சரி. அறுவை சிகிச்சை வேறொரு நாளில் மருத்துவமனையில் நடக்கும். தனியாக இருக்கும் பாட்டிக்குத் துணைக்குப் போவதும், பிறகு சில வாரங்கள் வேளை தவறாமல் சொட்டு மருந்து போடுவதும் ஒருவர் செய்யும் வேலை. அது நடக்கும்போது மடல் அச்சுக்குப் போயிருக்கும். அதனால் நோட்டில் "முகாமுக்குப் பின்" என்று ஒரு பக்கம் காலியாக விட்டு, அடுத்த இதழுக்கு அதிலிருந்து எழுதுங்கள்.

2. மூன்று தலைப்பு

தன்னார்வலர், கூலி பெற்றவர், நன்கொடையாளர் ஆகியோரை ஒரே பத்தியில் கலக்காதீர்கள். பந்தல்காரருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் கூலிக்குச் செய்ததைச் சேவை என்று எழுதினால் அவர்களுக்கே சங்கடம். நன்கொடையாளர்களைத் தொகை வரிசையில் அடுக்க வேண்டாம். தொகைகள் கணக்கறிக்கையில் இருக்கட்டும்.

3. வினைச்சொல்

சறுக்குவது இங்கேதான். வழக்கமாக வருவது இப்படி:

"தலைவர் அவர்களின் சீரிய தலைமையில் முகாம் நடைபெற்றது. மகளிர் அணியினர் உணவு உபசரிப்பில் உதவினர்."

ஒருவருக்கு அடைமொழியும் இருக்கிறது, தனி வாக்கியமும் இருக்கிறது. காலை நாலரைக்கு எழுந்து சுண்டல் அவித்தவர்கள் மொத்தமாக ஓர் "அணி". அவர்கள் "உதவினர்" என்றால், உணவை முதன்மையாகச் செய்தவர் யார்? வேறு யாருமில்லை. மாற்றி எழுதினால்:

"ஹாலுக்கு அனுமதி வாங்கியவர்: (பெயர்). 140 பேருக்குச் சுண்டலும் டீயும் தயாரித்தவர்கள்: (ஐந்து பெயர்கள்)."

140 என்பது டோக்கன் புத்தகத்தின் கடைசி எண்ணாக இருக்க வேண்டும், குத்துமதிப்பு கூடாது. சீரிய, அயராத, தன்னலமற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ஒருவருக்குப் போட்டால் எல்லோருக்கும் போட வேண்டிவரும். பெயர்களைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். என்ன வேலை நடந்தது என்று அப்போதும் புரிந்தால் வாக்கியம் சரி.

4. பெயர்

எப்படி அச்சிட வேண்டும் என்று அவரவரிடமே கேளுங்கள். "திருமதி" போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதும் பழக்கம் வேண்டாம். சுண்டல் அவித்தது அவர் இல்லை. பெயர் வேண்டாம் என்பவர்கள் இருந்தால் "பெயர் தவிர்த்த இருவர்" என்று எழுதுங்கள், வேலை விடுபடாது.

வரிசை அகரவரிசைதான், தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரைக் கொண்டு. கணினியில் அடுக்கினால் ஒருமுறை கண்ணால் பாருங்கள். யுனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் சதீஷ் முன்னால், சத்யா பின்னால் வரும். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பிறகு இருப்பதே காரணம். நம் முறைப்படி சத்யாதான் முதலில்.

5. சரிபார்ப்பு

பிடிஎஃப்பைத் தலைவருக்கு மட்டும் அனுப்பினால் போதாது. ஒவ்வொரு வேலையிலும் இரண்டு பேருக்கு போன் செய்து வரியைப் படித்துக்காட்டி, "உங்ககூட வேற யார் இருந்தாங்க?" என்று கேளுங்கள். விடுபட்ட பெயர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் வெளிவரும். அதையும் தாண்டி விடுபட்டால், அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், வேலையோடு சேர்த்துத் திருத்தம் போடுங்கள்.

பின்சேர்க்கை: அரைமணி நேரம் நின்றவரும் மூன்று நாள் அலைந்தவரும் ஒரே வரியிலா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மணிக்கணக்கை நோட்டில் குறிக்கவில்லை என்றால் அச்சில் போடாதீர்கள், சண்டைதான் வரும். "மூன்று நாளும் ஆட்டோவில் அறிவித்தவர்", "காலையில் டோக்கன் கொடுத்தவர்" என்று வேலையின் அளவை எழுதினால் வித்தியாசம் தானே தெரியும்.