மெழுகுப் பகுதிக்குக் கேள்வி எழுதும்போது செய்யும் தவறுகள்

பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் 1641-இல் லத்தீனில் வெளியிட்ட 'தியானங்கள்' நூலுக்கு, நாகர்கோவிலில் முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு வாசிப்பு வழிகாட்டி எழுதினேன். இரண்டாம் தியானத்தில் வரும் மெழுகுப் பகுதிக்கு, "மெழுகின் பண்புகள் யாவை?" என்று கேட்டிருந்தேன். எல்லோரும் சரியாகவே எழுதினார்கள். வாதம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. வரியைப் பெயர்த்தெழுதினால் விடை வந்துவிடும் கேள்வியைக் கேட்டது என் தவறு.

அந்தப் பகுதி சொல்வது இது. கூட்டிலிருந்து எடுத்த புது மெழுகில் தேனின் சுவையும் பூவின் மணமும் இருக்கின்றன. அது கெட்டியாக, குளிர்ந்து இருக்கிறது. தட்டினால் ஓசை வருகிறது. நெருப்பருகே கொண்டுபோனதும் சுவை, மணம், நிறம், வடிவம் எல்லாம் போய்விடுகின்றன. ஆனாலும் அதே மெழுகுதான் என்கிறோம். புலன்கள் காட்டிய அனைத்தும் மாறிவிட்ட பிறகு, 'அதே' என்பதை எதனால் அறிந்தோம்?

இங்கே மாணவர்கள் நேராக "மனத்தால்" என்று தாவிவிடுகிறார்கள். நடுவில் ஒரு படி இருக்கிறது: புலன் இல்லையென்றால் கற்பனையா? மெழுகு எடுக்கக்கூடிய வடிவங்களுக்குக் கணக்கில்லை, அத்தனையையும் கற்பனையால் பார்த்து முடிக்க முடியாது என்று டெக்கார்ட் அதையும் விலக்குகிறார். இந்தப் படிக்குத் தனிக் கேள்வி வைக்காத வழிகாட்டி பாதியில் கைவிடுகிறது. "கற்பனையை ஏன் விலக்குகிறார்? அவர் தரும் காரணத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள்" என்று கேளுங்கள்.

அதற்கு முன், 'கற்பனை' என்ற சொல்லுக்கே குறிப்பு வேண்டும். தமிழில் அது கவிஞரின் கற்பனையாக, இல்லாததை இட்டுக்கட்டுவதாக ஒலிக்கிறது. டெக்கார்ட் சொல்வது, ஒரு பொருளின் உருவத்தை மனத்திரையில் கொண்டுவரும் திறன். இந்த ஒற்றை வரிக் குறிப்பு இல்லாததால், மெழுகைக் கனவு காண்பது பற்றிய பகுதி என்று எழுதிய விடைகளைத் திருத்தியிருக்கிறேன்.

குறிப்பில் முடிவைச் சொல்லிவிடுவது இன்னொரு தவறு. "மெழுகு மனத்தால் மட்டுமே அறியப்படுகிறது என டெக்கார்ட் நிறுவுகிறார்" என்று பகுதிக்கு மேலே எழுதிவிட்டால், மாணவர் தேட எதுவும் மிஞ்சாது. சொற்பொருள் முன்னால் வரட்டும், முடிவு மாணவர் கையால் வரட்டும்.

"நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்ற வரியை இந்நூலில் கண்டுபிடிக்கச் சொல்லவும் கூடாது. அது 1637-இல் வந்த வேறொரு நூலில் இருக்கிறது. இங்கே இருப்பது "நான் இருக்கிறேன்" என்ற கூற்று, அதை நினைக்கும்போதெல்லாம் உண்மை என்பது.

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் வீட்டிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, மாற்றிய கேள்வியைப் படித்துவிட்டு, "அடை உருகும்போது ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், அதே மெழுகா என்று ஒருநாளும் சோதித்ததில்லையே" என்றாள். அடுத்த பத்தியைத் திறக்கச் சொன்னேன். அங்கே டெக்கார்ட் ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கிறார்; தொப்பியும் அங்கியும்தான் தெரிகின்றன, மனிதர்கள் போகிறார்கள் என்கிறார்.