புரொவிஷனலா, ஒரிஜினல் டிகிரியா? தேதியில் தொடங்கும் தவறுகள்

கடைசி செமஸ்டர் முடிவு வந்து, எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி என்று உறுதியானதும் கிடைப்பது புரொவிஷனல் எனப்படும் தற்காலிகச் சான்றிதழ். இவர் பட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டார், பட்டமளிப்பு விழாவில் பட்டம் வழங்கப்படும் என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. விழா நடந்து பட்டம் வழங்கப்பட்ட பிறகு கையில் வருவது ஒரிஜினல் டிகிரி, அதாவது பட்டச் சான்றிதழ். இந்தியாவுக்குள் வேலைக்கும் மேற்படிப்புக்கும் முதல் தாளே பெரும்பாலும் போதும். ஆனாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். தாளில் உள்ள தேதியைக் கவனிக்காமல் விடுவதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம்.

அரசுத் தேர்வு எதுவானாலும் ஒரு கட் ஆஃப் தேதி இருக்கும். டி.என்.பி.எஸ்.சி. என்றால் அறிவிக்கை நாள். வங்கித் தேர்வுகளுக்கு அறிவிப்பிலேயே ஒரு தேதி தரப்பட்டிருக்கும். அந்த நாளில் நீங்கள் தேர்ச்சி பெற்றவராக இருந்தீர்களா என்பதே கேள்வி. பட்டமளிப்பு விழா நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஐபிபிஎஸ் அறிவிப்புகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: மதிப்பெண் பட்டியலிலோ தற்காலிகச் சான்றிதழிலோ உள்ள தேதிதான் தேர்ச்சித் தேதி. முடிவு பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியாகியிருந்தால், வெளியான நாளைக் குறிப்பிட்டு உரிய அதிகாரி கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டலாம்.

ஒரு மாணவியின் நிலையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் தேர்வு எழுதினார். முடிவு ஜூன் 30 அன்று இணையதளத்தில் வந்தது. மதிப்பெண் பட்டியலில் ஜூலை 28 என்று தேதி இருக்கிறது, புரொவிஷனலில் ஆகஸ்ட் 5. விழா அடுத்த ஆண்டு பிப்ரவரியில். அவர் விண்ணப்பிக்கும் வங்கித் தேர்வுக்குக் கட் ஆஃப் ஜூலை 21. அவர் தகுதியானவர்தான், ஆனால் அவரிடம் உள்ள தாள்கள் எல்லாமே கட் ஆஃபுக்குப் பிந்தையவை. அப்படியே கொண்டுபோனால் சரிபார்ப்பு அதிகாரியால் ஏற்க முடியாது. அவருக்கு வேண்டியது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒரு கடிதம்: பெயர், பதிவெண், படிப்பு, முடிவு வெளியான நாள் ஜூன் 30 என்ற வரி, கையெழுத்து, முத்திரை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமும், மற்ற இணைப்புக் கல்லூரிகள் என்றால் பல்கலைக்கழகத்திலும் இதைக் கேட்க வேண்டும். வகுப்பு ஆசிரியர் எழுதித் தரும் கடிதம் செல்லாது. இணையதளப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துப் போவதும் பயன்படாது, ஏனென்றால் அதில் கையெழுத்து இல்லை.

விண்ணப்பத்தில் தேர்ச்சித் தேதி கேட்கும் கட்டத்தில் இதே மாணவி ஏப்ரல் என்று போட்டால் தவறு, பிப்ரவரி என்று போட்டாலும் தவறு. முதலாவது தேர்வு எழுதிய மாதம், இரண்டாவது பட்டம் வழங்கிய நாள். கடிதத்தில் வரப்போகும் ஜூன் 30 தான் அங்கே இருக்க வேண்டும். அரியர் வைத்துப் பின்னால் முடித்தவர்களுக்கு, கடைசி அரியர் தாளின் முடிவு வந்த நாளே கணக்கு. நண்பர்கள் தேறிய ஆண்டை அப்படியே பார்த்து எழுதிவிடுவது அவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம், கோர்ஸ் கம்ப்ளீஷன் சான்றிதழை புரொவிஷனல் என்று எண்ணிக்கொள்வது. கல்லூரி முதல்வர் தரும் அந்தத் தாள், இவர் மூன்றாண்டு படித்து முடித்தார் என்று மட்டுமே சொல்லும். தேர்ச்சி பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது, அரியர் உள்ளவருக்கும் அது கிடைக்கும். புரொவிஷனலை அடையாளம் காண எளிய வழி, அதில் பட்டத்தின் பெயரும் வகுப்போ கிரேடோ தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான்.

வெளிநாடு என்று வரும்போது கணக்கு மாறுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கும் கட்டத்தில் பொதுவாக புரொவிஷனலும் மதிப்பெண் பட்டியல்களும் போதும். வேலை விசாவுக்கு அட்டெஸ்டேஷன் என்றால் ஒரிஜினல் டிகிரியைத்தான் எதிர்பார்ப்பார்கள். வளைகுடா வேலைக்கு ஆஃபர் கடிதம் வந்த பிறகு டிகிரிக்கு அலைகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மை சரிபார்ப்பு, மாநில அரசின் மேலொப்பம், வெளியுறவு அமைச்சகம், ஐக்கிய அரபு அமீரகம் என்றால் அதன் தூதரகமும் என்று அந்தத் தாள் பல மேசைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் தாளின் பின்புறம் முத்திரையோ ஸ்டிக்கரோ விழும். அதனால்தான் டிகிரியை லேமினேஷன் செய்யவே கூடாது என்கிறோம். பிளாஸ்டிக் மேல் முத்திரை பிடிக்காது. உறையைப் பிரிக்க முயன்றால் மேல்பக்க மையும் காகிதமும் சேர்ந்து உரிந்து வரும். பிறகு டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான். திறந்து எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் ஃபோல்டர் போதும்.

சரி, கான்வொகேஷனுக்கு எவ்வளவு நாள் பொறுப்பது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, மாணவர்கள் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும். நடைமுறையில் ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. பட்டச் சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்து வேண்டும், விழாவுக்கு வேந்தரின் தேதி கிடைக்க வேண்டும். துணைவேந்தர் பணியிடம் காலியாக இருக்கும் காலங்களில் தாமதம் நீள்கிறது. நவம்பரில் அரியர் முடித்தவர்கள் அந்த ஆண்டு விழாப் பட்டியலில் இடம்பெறாமல் அடுத்ததற்குத் தள்ளிப்போகவும் கூடும்.

ஆறு மாதம் கடந்தும் அறிவிப்பு இல்லை என்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பதிவெண்ணோடு எழுத்தில் கேளுங்கள். ஆஃபர் கடிதமோ விசா கோரிக்கையோ இருந்தால் நகலை இணையுங்கள், ஏனென்றால் அவசரத் தேவையை நிரூபிப்பவர்களுக்குக் கூடுதல் கட்டணத்தில் முன்கூட்டியே பட்டம் தரும் வழி சில பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. விழாவுக்கு நேரில் போகாதவர்கள் ‘இன் ஆப்சென்ஷியா’ முறையில் பெறலாம். இணைப்புக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் பெறுகிறார்கள். அவர்களது டிகிரிகள் கட்டாகக் கல்லூரிக்கு வந்து, கல்லூரியின் கிராஜுவேஷன் டே அன்றோ அலுவலகத்திலோ கைக்கு வரும். விழா முடிந்தும் தபாலை எதிர்பார்த்து வீட்டில் இருப்பவர்களின் சான்றிதழ் கல்லூரி அலுவலக பீரோவில் கிடக்கும். வாங்கப் போகும்போது புரொவிஷனல் ஒரிஜினலைத் திரும்பக் கேட்கும் இடங்களும் உண்டு, எனவே முன்னதாகவே அதை இருபக்கமும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் இரண்டு வேலைகள் செய்யலாம். புரொவிஷனலில் ‘விழா வரை செல்லும்’, ‘ஆறு மாதம் செல்லும்’ என்பதுபோல் வரி ஏதும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். காலம் குறித்திருந்து அது கடந்துவிட்டால், விழா இன்னும் நடக்கவில்லை என்ற கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் வாங்கி அதோடு இணைத்துக் காட்டுங்கள். அடுத்தது பெயர். புரொவிஷனலில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் டிகிரியிலும் ஏறும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும் பாஸ்போர்ட்டோடும் ஒத்துப்போகிறதா, தமிழில் அச்சிடப்படும் பெயரில் ‘ன’, ‘ண’ மாறியிருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். டிகிரி அச்சாவதற்கு முன் என்றால் கல்லூரி வழியாக ஒரு விண்ணப்பத்தில் இது முடியும். அச்சான பிறகு பழைய தாளை ஒப்படைத்து, கட்டணம் கட்டி, புதிய சான்றிதழுக்கு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும்.