இன்டர்ன்ஷிப்பின் கடைசி வாரங்களில் புது வேலையைத் தொடாதீர்கள்

ஜனவரியில் சேர்ந்து ஜூனில் முடியும் இன்டர்ன்ஷிப் என்றால், மே கடைசியில் பலருக்கு ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. போவதற்குள் பெரிதாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று புது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நான் பார்த்ததில் அதிகம் பேரைக் கவிழ்த்தது இதுதான்.

எங்கள் டீமில் ஒரு தம்பி இருந்தான். இரவில் ஓடும் ஒரு ரிப்போர்ட் 40 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆர்டர் டேபிளில் தேதிக்கு இண்டெக்ஸ் இல்லை என்று அவனே கண்டுபிடித்து, டெஸ்ட் சர்வரில் 6 நிமிடத்துக்குக் கொண்டுவந்தான். ரிவ்யூவில் இரண்டே கேள்விகள் வந்தன. இண்டெக்ஸ் உருவாகும் நேரத்தில் புது ஆர்டர்கள் பதிவாகாமல் நிற்குமா? சிக்கல் வந்தால் எப்படிப் பின்வாங்குவது? போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கான பதில் ஒரு வரிதான்:

```sql
CREATE INDEX CONCURRENTLY idx_orders_date ON orders (created_at);
```

இப்படிப் போட்டால் டேபிளில் எழுதுவது தடைபடாது. பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதை `DROP INDEX` கொடுத்து நீக்கிவிடலாம். அரை மணி நேர வேலை. அவனோ பதில் எழுதாமல் டாஷ்போர்டு ஒன்றைத் தொடங்கினான். கடைசி நாளில் டாஷ்போர்டு பாதியில் நின்றது, பழைய வேலையும் மெர்ஜ் ஆகவில்லை. பரிந்துரை எழுத உட்கார்ந்த மேனேஜருக்கு, 'இவர் செய்தது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எழுத ஒன்றுகூட இல்லை. திறமையான பையன். இன்னும் மனசு கேட்கவில்லை.

சரி, மெர்ஜ் ஆனதும் வேலை முடிந்ததா? இல்லை. ஒரு வாரமாவது அது ஓடுவதைக் கவனியுங்கள். தினமும் காலையில் நேற்றிரவு எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வையுங்கள். அப்புறம் `README` எழுதி, டீமில் ஒருவரிடம் கொடுத்து, அதை மட்டும் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் உங்களிடம் கேள்வி கேட்கும் இடமெல்லாம் நீங்கள் எழுத மறந்த இடம். கடைசி நாள் மாலையில் அவசரமாக எழுதினால் இதைச் சோதிக்க நேரமே இருக்காது.

இன்னொரு தவறு, அங்கேயே நிரந்தர வேலையில் சேர்வது பற்றிய பேச்சை வழியனுப்பும் நாள்வரை தள்ளிப்போடுவது. ஓர் ஆளை எடுக்க மேனேஜர் சொன்னால் மட்டும் போதாது. எச்.ஆர். பார்க்க வேண்டும், பட்ஜெட்டில் இடம் இருக்க வேண்டும். அதனால் ஒரு மாதம் முன்பே தனியாக நேரம் கேட்டு, "இங்கேயே சேர விரும்புகிறேன் சார். நீங்கள் என் பெயரைச் சொல்வதாக இருந்தால், இப்போது எது குறையாகத் தெரிகிறது?" என்று கேளுங்கள். குறையைச் சொன்னால் சரிசெய்ய நான்கு வாரம் கையில் இருக்கிறது. இந்த வருடம் இடமே இல்லை என்றால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அங்கே ஆஃபர் வராது. அதை ஒரு மாதம் முன்பே தெரிந்துகொண்டால், வேறு இடங்களுக்கு அன்றைக்கே விண்ணப்பிக்கத் தொடங்கிவிடலாம்.