மூலைக்கு மூலை குரோஷே போர்வை: கிராஃபில் எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது?

பிளாக் பின்னத் தெரிந்தவர்களும் தடுமாறுவது சதுரமல்லாத போர்வையில்தான். அதனால் 10 கட்டம் அகலமும் 14 கட்டம் உயரமும் கொண்ட கிராஃபையே எடுத்துக்கொள்வோம்.

வலது கைக்காரர்கள் கீழ் வலது மூலையில் தொடங்குங்கள். அந்த ஒற்றைக் கட்டம்தான் முதல் வரிசை. அதன்பின் வரிசைகள் சாய்வாக ஓடும். இரட்டைப்படை வரிசைகளைக் கீழிருந்து மேல்நோக்கியும், ஒற்றைப்படை வரிசைகளை மேலிருந்து கீழ்நோக்கியும் படிக்க வேண்டும். இதை மாற்றிவிட்டால் படம் முன்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். எழுத்துகள் உள்ள படத்தில் அது உடனே தெரியும்.

கிராஃபைத் தாளில் அச்சிட்டு, முடித்த சாய்வரிசையைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். கைபேசித் திரையில் கண் பக்கத்து வரிசைக்குத் தாவிவிடுகிறது, எனக்குத் தாள்தான்.

முதல் 10 வரிசைகளும் கூட்டல். ஒவ்வொரு வரிசையையும் ஆறு சங்கிலியில் தொடங்கி, முந்தைய வரிசையின் எல்லா பிளாக்குகளிலும் பின்ன வேண்டும். 10ஆம் வரிசையின் முதல் பிளாக் கீழ் இடது மூலையில் அமரும். அங்கே ஒரு ஸ்டிட்ச் மார்க்கரை மாட்டுங்கள். திறந்து மூடும் வகைதான் வசதி.

இனிதான் கவனம் தேவை. கீழ் ஓரம் நிறைந்துவிட்டது, வலது ஓரம் இன்னும் வளர வேண்டும். 11ஆம் வரிசை வலது ஓரத்தில் ஆறு சங்கிலியுடன் தொடங்கும். இடது ஓரத்துக்கு வந்ததும், கடைசி பிளாக்கின் சங்கிலி இடைவெளியில் ஸ்லிப் தையல் மட்டும் போட்டுத் திரும்புங்கள். அங்கே புது பிளாக் கூடாது; கிராஃபிலும் அதற்குக் கட்டம் இல்லை. 12ஆம் வரிசையில் ஆறு சங்கிலி வேண்டாம். கடைசியாகப் பின்னிய பிளாக்கின் மூன்று டபுள் குரோஷேக்கள்மேல் ஸ்லிப் தையலால் நகர்ந்து, அதன் சங்கிலி இடைவெளியில் முதல் பிளாக்கைப் பின்னுங்கள். வலது ஓரத்தில் கடைசி பிளாக்கிலும் பின்ன வேண்டும். 13 என்பது 11 போல, 14 என்பது 12 போல.

10 முதல் 14 வரை ஒவ்வொரு வரிசையிலும் 10 பிளாக்குகள் இருக்க வேண்டும். 11ஆம் வரிசையில் 11 வந்தால், இடது ஓரத்தில் ஸ்லிப் தையலோடு நிற்காமல் பின்னிவிட்டீர்கள். 12ஆம் வரிசையில் 9 வந்தால், வலது ஓரத்தின் கடைசி பிளாக்கை விட்டுவிட்டீர்கள்.

14ஆம் வரிசை மேல் வலது மூலையைத் தொட்டதும் இரண்டு ஓரமும் குறைப்பு. ஸ்லிப் தையலால் நகர்ந்து தொடங்கி, ஸ்லிப் தையலிலேயே முடியுங்கள். 15ஆம் வரிசையில் 9 பிளாக்குகள், 23ஆம் வரிசையில் ஒன்று.

உங்கள் கிராஃபின் அளவு வேறா? வரிசையின் முதல் கட்டம் கிராஃபின் கீழ் ஓரத்திலோ வலது ஓரத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆறு சங்கிலி, இல்லையென்றால் ஸ்லிப் தையல்.

பின்சேர்க்கை: இடது கைக்காரர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கீழ் இடது மூலையில் தொடங்குங்கள். மேலே வலது என்று உள்ள இடங்களில் இடது என்றும், இடது என்று உள்ள இடங்களில் வலது என்றும் கொள்ளுங்கள். கிராஃபைத் திருப்பி அச்சிட வேண்டியதில்லை.