பூரணம் வைத்த முட்டை: சேலத்து வெயிலில் விருந்துக்கு வைப்பது எப்படி

சேலத்தில் தட்டுவடை செட் போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். தட்டுவடை ஒரு டப்பாவில், துருவிய காரட்டும் பீட்ரூட்டும் ஒரு பாத்திரத்தில், இரண்டு சட்னியும் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கும். நாம் கேட்ட பிறகுதான் அவர் அடுக்குவார். முன்கூட்டியே அடுக்கி வைத்தால் வடை நமுத்துப் போகும் என்பது அவருக்குத் தெரியும். விருந்துக்குப் பூரணம் வைத்த முட்டை செய்கிறவர்களும் இதே வழியைப் பின்பற்ற வேண்டும். இங்கே நமுத்துப் போவதைவிடப் பெரிய தொல்லை காத்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேகவைத்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மயோனைஸுடன் குழைத்து, மீண்டும் அந்தக் குழியிலேயே நிரப்புவதுதான் இந்தப் பண்டம். 24 துண்டுகளுக்கு 12 முட்டை போதும் என்று கணக்கு வரும். நீங்கள் 14 வாங்குங்கள். குறைந்தது இரண்டு முட்டை உரிக்கும்போது கிழியும். கிழியாவிட்டாலும் அவற்றின் மஞ்சள் கரு பூரணத்துக்கு உதவும்.

முட்டையைப் பழசாக்குங்கள்

நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் நமக்குக் கிடைக்கும் முட்டை பெரும்பாலும் புதியது. ஆம்லெட்டுக்கு அது நல்லது, உரிப்பதற்குத் தொல்லை. புதிய முட்டையின் வெள்ளைக் கரு உள் சவ்வோடு இறுக ஒட்டிக்கொள்ளும். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறுகிறது. அதனால் வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடி, அந்தப் பிடி தளர்கிறது. ஆகவே விருந்துக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தே கிடந்தால் புதியது. அகன்ற முனை சற்றே மேலே தூக்கினால் நம் வேலைக்குச் சரியானது. மிதந்தால் எறிந்துவிடுங்கள்.

வேகவைத்தல்

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து கால் மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்ற முட்டையைக் கொதிநீரில் போட்டால் ஓடு விரியும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, குழிக்கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்குங்கள். பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் வைப்பது நம் வீட்டுப் பழக்கம்தான். ஆனால் கொதிநீரில் இறங்கும் முட்டையின் வெள்ளைக் கரு சட்டென்று கெட்டியாவதால், சவ்வோடு ஒட்டுவது குறைகிறது. முதல் இரண்டு நிமிடம் கரண்டியால் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும். ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் வெட்டும்போது அந்தப் பக்கச் சுவர் காகிதம்போல் மெலிந்து கிழிந்துவிடும்.

சேலத்தில் 12 நிமிடம் போதும். ஏற்காட்டில் செய்கிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்துச் சேலத்துக் கணக்கிலேயே இறக்கினால் நடுவில் ஈரமாக இருக்கும்.

நேரம் ஆனதும் ஐஸ் போட்ட தண்ணீருக்கு மாற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கொதித்த தண்ணீரிலேயே ஊறவிட்டால் வெள்ளைக் கருவிலிருந்து வரும் கந்தக வாயுவும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து பச்சை வளையம் உண்டாகும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வளையம் விழுந்த மஞ்சள் கரு வறண்டு மணல் மணலாக உதிரும். அதிலிருந்து வழவழப்பான பூரணம் வருவது கடினம்.

பூரணம்

முட்டையை நீளவாக்கில் வெட்டுங்கள். கத்தியைவிட எனக்கு நூல் பிடிக்கும். கெட்டியான வெள்ளை நூலை இரு கையிலும் இழுத்துப் பிடித்து முட்டையின் மேல் வைத்து அழுத்தினால் வெட்டு வழுக்கிக்கொண்டு போகும், மஞ்சள் ஒட்டாது. கத்திதான் என்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியால் துடையுங்கள்.

எல்லோரும் தவறு செய்யும் இடம் இனிமேல்தான். மஞ்சள் கருவை முள்கரண்டியால் மசித்து உடனே மயோனைஸ் ஊற்றுவார்கள். சின்னச் சின்னக் கட்டிகளின் மேல் மயோனைஸ் பூசிக்கொண்டதும் அவை கரண்டிக்குப் பிடிபடாமல் நழுவும். எவ்வளவு அடித்தாலும் கரையாது. எதையும் சேர்ப்பதற்கு முன்னால், காய்ந்த நிலையிலேயே மஞ்சள் கருவைச் சலித்துவிட வேண்டும். மாவு சல்லடையின் கண் பெரிது, அது உதவாது. எவர்சில்வர் டீ வடிகட்டிதான் சரியான கருவி. ஒரு நேரத்தில் இரண்டு கரு மட்டும் போட்டு, கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள். அடியில் மஞ்சள் பொடி மெல்லிய சேவைபோல் தொங்கும், தட்டினால் உதிரும். 12 கருவுக்குப் பத்து நிமிடம் ஆகும். மிக்ஸியில் போடலாமே என்பீர்கள். என் ஜாரில் பாதி சுவரில் ஒட்டிக்கொள்கிறது, மீதி பசைபோல் ஆகிறது. வடிகட்டியே மேல்.

சலித்த 12 கருவுக்கு ஆறு மேசைக்கரண்டி மயோனைஸ், துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி, கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, நைஸாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, உப்பு சுவைக்கேற்ப. ஏற்காட்டில் காப்பிச் செடிகளுக்கு இடையே நிழல் மரங்களில் ஏறும் மிளகு கிடைத்தால் அதையே போடுங்கள், மணம் தனி. தயிரைக் கடைசியில் ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும், ஆனால் ஓரம் பிளக்கக் கூடாது. அந்தப் பதத்தில் நிறுத்துங்கள். தளர்ந்துவிட்டால் மிச்சமிருக்கும் இரண்டு கருவைச் சலித்துச் சேர்த்தால் சரியாகிவிடும். விரலிடுக்கில் ஒரு துளி வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் இன்னொரு முறை வடிகட்டியில் அழுத்தி எடுங்கள்.

வெண்ணெய் சேர்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. செய்த உடனே சாப்பிடுவதென்றால் சேர்க்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகி, பிழியும்போது அடைத்துக்கொள்ளும். வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் உள்ளே வேண்டாம், மேலே தூவுவதற்கு மட்டும்.

மயோனைஸ் முட்டை சேராததாகவே இருக்கட்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. அந்தத் தடையின் காலம் எப்படியானாலும், வெளியே வைத்துப் பரிமாறும் பண்டத்தில் பச்சை முட்டையைக் கலப்பதில் எனக்கு விருப்பமில்லை.

எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம்?

இரண்டு மணி நேரம். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரே மணி நேரம். சேலத்தில் மார்ச் முதல் ஜூன் வரை நிழலிலும் அதற்கு மேல்தான் இருக்கும். எனவே கோடை விருந்துக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டின் குளிர்ந்த மாலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

அவித்த முட்டைதானே, கிருமியெல்லாம் செத்திருக்குமே என்று கேட்கலாம். செத்திருக்கும். பிறகு உரித்து, வெட்டி, தோண்டி, நிரப்புவது எல்லாம் நம் கைகள்தான். கையில் சிறு புண் இருந்தாலே ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் ஏறிக்கொள்ளும். ஈரமும் புரதமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் வேகமாகப் பெருகி நஞ்சைச் சுரக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. வாசனையிலும் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் உணர்ந்தேன். ஒரு மே மாதம் ஏற்காட்டில் உறவினர் வீட்டு விழாவுக்கு, நிரப்பிய 24 துண்டுகளையும் டப்பாவில் அடுக்கி, வண்டியின் பின்பகுதியில் வைத்துக்கொண்டு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து திறந்தால் பூரணம் எல்லாம் மூடியில் ஒட்டியிருந்தது. சமைத்து முடித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. "வாசனை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கம்மா கொட்டுகிறாய்?" என்று அத்தை மல்லுக்கு நின்றார். குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் கொட்டிவிட்டேன்.

இப்போது செய்வது இப்படி. மாலை ஆறரைக்கு மொட்டை மாடியில் பிறந்தநாள் என்றால், காலையில் அவித்து வெட்டிவிடுவேன். வெள்ளைக் குழிகளை மூடிபோட்ட டப்பாவில் ஈரத்துணி மூடி அடுக்குவேன். பூரணத்தை மருதாணிக் கோன்போல் சுருட்டிய கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் நிரப்பி முனையைக் கட்டுவேன். இரண்டும் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் இருக்கும். அதற்குள் மின்வெட்டு வந்தால் கதவைத் திறப்பதில்லை. மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும்.

ஆறேகாலுக்கு முனையை வெட்டி 12 துண்டு மட்டும் நிரப்புவேன், ஐந்து நிமிட வேலை. உருளாமல் நிற்க ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய சீவல் எடுத்துவிடுவேன். தாம்பாளத்தில் உடைத்த ஐஸ் பரப்பி அதன்மேல் தட்டை வைப்பதுண்டு. ஆனால் ஐஸ் இருக்கிறது என்று நேரத்தை நீட்டுவதில்லை. ஐஸ் தட்டின் அடியைக் குளிர்விக்கிறது, மேலே நிற்கும் பூரணம் வெயில் காற்றில்தான் இருக்கிறது. தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத்தில் "7.15" என்று எழுதி வைப்பேன். அந்த நேரத்தில் தட்டில் மிச்சமிருப்பது குப்பைக்குப் போகும், ஃபிரிட்ஜுக்குத் திரும்பாது. வெளியில் கழித்த நேரம் கூடிக்கொண்டே போகும், குளிரில் வைத்தால் அது அழிந்துவிடாது. அடுத்த 12 துண்டு அதன் பிறகு வேறு தட்டில் வரும்.

ஏற்காட்டுக்குப் போகும்போதும் இதே முறைதான். வெள்ளைக் குழிகள் ஒரு டப்பா, கோன் ஒன்று, இரண்டும் ஐஸ் கட்டிகளோடு குளிர்ப்பெட்டியில். அத்தை வீட்டுச் சமையலறை மேடையில் நின்று நிரப்புகிறேன்.

நிரப்பாமல் ஃபிரிட்ஜிலேயே தங்கிவிட்ட குழிகளை மறுநாள் காலையில் நறுக்கி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கிவிடுவோம். கோனில் மீந்த பூரணம் அன்றைக்கே ரொட்டியில் தடவத் தீர்ந்துவிடும்.