மேலிருந்து வீடியோ எடுக்கலாம்: போனைக் கவிழ்ப்பதும் கைகளை பிரேமுக்குள் அடக்குவதும்

30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள பலகையில் வெங்காயம் நறுக்கும் காட்சி. கையில் இருப்பது மேசை விளிம்பில் கவ்வும், கழுத்து வளையும் மலிவான ஸ்டாண்ட். இதை வைத்தே படிப்படியாகப் போவோம். காகித வேலைக்கும் தையலுக்கும் இதே முறைதான்.

1. ஸ்டாண்டை எங்கே கவ்வுவது?

நறுக்கும் மேசையில் கவ்வவே வேண்டாம். கத்தி பலகையில் படும் ஒவ்வொரு முறையும் கழுத்து அதிரும், படமும் துள்ளும். பக்கத்தில் உள்ள அலமாரியிலோ வேறு மேசையிலோ கவ்வுங்கள். வழியே இல்லையென்றால் பலகைக்கு அடியில் துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். அதிர்வு குறையும், முழுதாகப் போகாது.

கழுத்தை முழு நீளத்துக்கு நீட்டினால் போனின் எடையில் தொங்கும். நடுவில் ஒரு வளைவு கொடுத்துக் குறுக்குங்கள். போனை மாட்டியதும் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மலிவான கழுத்து மெல்ல மெல்ல இறங்கித்தான் ஓரிடத்தில் நிற்கும். கோணத்தை அதற்குப் பிறகு சரிசெய்வதே நல்லது.

2. உயரம்

பலகைக்கு மேல் சுமார் 50 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். சாதாரண 1x கேமராவில், போனைக் கிடையாக வைத்து எடுக்கும்போது, ஏறக்குறைய 55 முதல் 60 செ.மீ. அகலம் பிரேமுக்குள் வரும். போனுக்குப் போன் இது மாறும் என்பதால், மேசையில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுங்கள். இடம் போதவில்லை என்று 0.5x-க்குப் போகாதீர்கள். ஓரத்தில் இருக்கும் வட்டக் கிண்ணம் முட்டை மாதிரி இழுபடும், விரல்கள் நீளும்.

3. நேராகக் கவிழ்ப்பது

கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். செவ்வகப் பலகையின் ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் தெரிந்தால் போன் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணால் பார்த்துத் திருத்துவது கடினம். அதற்குக் கைக்கண்ணாடி போதும்.

பலகையின் நடுவில் கண்ணாடியைத் தட்டையாக வையுங்கள். போன் திரையில் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். இப்போது கண்ணாடிக்குள் உங்கள் போனே தெரியும். அதில் கேமரா லென்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது பிரேமின் சரியான நடுவில் வந்தால் கேமரா பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறது. வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளித் தெரிந்தால், லென்ஸ் நடுவுக்கு வரும்வரை போனை மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். பிறகு கண்ணாடியை எடுத்துவிடலாம்.

இன்னொரு தொல்லை: கவிழ்ந்த போனுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போகும், கிடையாக எடுத்தது நெட்டையாகப் பதிவாகும். கேமராவைத் திறந்து, போனைக் கிடையாக நிமிர்த்திப் பிடித்து, ஐகான்கள் திரும்பியதும் கவிழ்த்து மாட்டுங்கள். உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும் விளிம்பு படத்தின் கீழ்விளிம்பாக வரவேண்டும். ஐந்து வினாடி எடுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

4. கைகள்

கைகள் கீழ்விளிம்பிலிருந்து உள்ளே வந்தால், பார்ப்பவருக்குத் தன் கையே வேலை செய்வது போல் இருக்கும். ஸ்டாண்டின் கழுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும், முழங்கை இடிக்காது.

50 செ.மீ. உயரத்தில் பிரேம் மேலிருந்து கீழாக 32 செ.மீ. அளவே இருக்கும். பலகை 20 போக மீதி 12. அதைச் சரிபாதியாகப் பிரிக்காமல் கீழே 8, மேலே 4 என்று விடுங்கள். மணிக்கட்டுக்குக் கீழே இடம் வேண்டும், இல்லையென்றால் வெட்டுப்பட்ட விரல்கள் மட்டும் அலைவது போலத் தெரியும்.

பிரேமின் நான்கு மூலைகளும் மேசையில் எங்கே விழுகின்றன என்று பார்த்து, அதற்குச் சற்று வெளியே மாஸ்கிங் டேப் துண்டுகளை ஒட்டுங்கள். திரையை எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. எட்டிப் பார்த்தால்தான் தலை உள்ளே வந்து பலகையை மறைக்கும். புதிதாக எடுப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

உப்பு போடுவது, ஊற்றுவது போன்றவற்றைப் பக்கவாட்டிலிருந்து செய்யுங்கள். கை பாத்திரத்தின் குறுக்கே நீண்டால், காட்ட வேண்டியதையே அது மூடிவிடும்.

5. பூட்டிவிட்டு எடுங்கள்

திரையில் பலகையை விரலால் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் படம் ஒருமுறை மங்கித் தெளியும். அழுத்தும்போது போன் நகர்ந்திருக்கும், கண்ணாடியை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.