எட்டு மாத மௌனத்துக்குப் பின் வரும் முதல் பதிவு: வணிகப் பக்கங்கள் செய்யும் தவறுகள்

தீபாவளி விற்பனை முடிந்த கையோடு ஓய்ந்துபோகும் சிறு வணிகப் பக்கங்கள் பல, ஆடி பிறந்ததும் ஒரு தள்ளுபடி விளம்பரத்துடன் மீண்டும் தலைகாட்டுகின்றன. இடைப்பட்ட மாதங்களில் கடைக்காரருக்கு என்ன நேர்ந்தது என்பது பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கடைசியாகப் பார்த்தது தீபாவளிச் சேலைகளின் படமும், அதன்கீழ் பதில் கிடைக்காமல் நிற்கும் நாலைந்து கேள்விகளும்தான். புதிய பதிவை அவர்கள் அந்தப் பழைய கேள்விகளின் தொடர்ச்சியாகவே படிப்பார்கள். இதை எண்ணிப் பார்க்காமல் எழுத உட்காருவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளை வீட்டிலிருந்தபடியே விற்கும் ஒருவரின் பேஸ்புக் பக்கத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். இன்ஸ்டாகிராமிலும் அதே பெயரில் ஒரு கணக்கு உண்டு. தீபாவளிக்குப் பின் வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டதால் வேலை நின்றுபோனது. எட்டு மாதங்கள் கழித்து ஆடி முதல் வாரத்தில் அவர் மீண்டும் தொடங்குகிறார். இத்தகைய நிலையில் கைக்கு வரும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“வணக்கம் நண்பர்களே! நாங்கள் மீண்டும் வந்துவிட்டோம்! ஆடி அதிரடித் தள்ளுபடி! எல்லாச் சேலைகளுக்கும் 20 சதவீதம் வரை குறைப்பு! விலைக்கு இன்பாக்ஸ் வரவும்! லைக் செய்து ஐந்து நண்பர்களுக்கு ஷேர் செய்யுங்கள்!”

இந்த வரைவில் உள்ள குறைகளைப் பார்க்கும் முன், அதை எழுதுவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்ட தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் இன்பாக்ஸைத் திறந்து பார்க்கவில்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை ஒருசேர நிர்வகிக்க உதவும் மெட்டா பிசினஸ் சூட்டின் இன்பாக்ஸில் மெசஞ்சர் செய்திகள், இன்ஸ்டாகிராம் செய்திகள், பதிவுகளின்கீழ் வந்த கருத்துகள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இன்ஸ்டாகிராமில் புதியவர்கள் அனுப்பியவை கோரிக்கைகள் என்ற தனிப்பகுதியில் தேங்கியிருக்கும் என்பதால், அங்கும் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே என்ன இருக்கும்? “மெரூன் கலர் இருக்கிறதா?” என்ற கேள்விகள் பெரும்பகுதி, அவற்றுக்கு இப்போது அவசரமில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே, முன்பணம் கட்டியும் சேலை வந்து சேராத ஒருவரும், சாயம் போன சேலையின் படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்த ஒருவரும் இருக்கக்கூடும். எட்டு மாதங்கள் கழித்துப் பக்கம் உயிர்பெற்றதைக் கண்டதும் முதலில் கருத்து எழுதப்போகிறவர்கள் இவர்கள்தான். தள்ளுபடி விளம்பரத்தின்கீழ் முதல் வரியாக “என் பணம் என்ன ஆயிற்று?” என்று நின்றுவிட்டால், அதன் பிறகு வருகிறவர்கள் சேலையைப் பார்க்காமல் அந்த வரியைத்தான் படிப்பார்கள்.

ஆகவே முதல் பதிவுக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பாகவே பணம் தொடர்பான செய்திகளை மட்டும் தனியே பிரித்தெடுத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசித் தீர்த்துவிட வேண்டும். இதில் ஒரு தடை உண்டு. மெசஞ்சரில், வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பிய 24 மணி நேரத்துக்குள் வணிகப் பக்கம் பதிலளிக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்குப் பின் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. எட்டு மாதப் பழைய உரையாடலில் நாம் எழுதுவது போய்ச் சேரும் என்று நம்பியிருக்க முடியாது. ஆர்டர் எழுதிவைத்த நோட்டில் உள்ள கைபேசி எண்ணில் அழைத்துப் பேசுவதே சரியான வழி. பணத்தைத் திருப்பித் தருவதா, சேலையை அனுப்புவதா என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். எண் கிடைக்காதவர்களுக்காகத்தான் முதல் பதிவிலேயே ஒரு வரி தேவைப்படுகிறது. அவர்கள் மீண்டும் ஒரு செய்தி அனுப்பினால் பதில் சொல்லும் வாசல் மறுபடியும் திறந்துகொள்ளும்.

இன்பாக்ஸைப் பார்க்கும்போதே தானியங்கிப் பதிலையும் பார்த்துவிட வேண்டும். “உங்கள் செய்திக்கு நன்றி, ஒரு மணி நேரத்தில் தொடர்புகொள்கிறோம்” என்று முன்பு எப்போதோ எழுதிவைத்தது, எட்டு மாதங்களாக எழுதியவர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்திருக்கும். கேள்வி கேட்டவர் ஏமாந்தது பதில் வராததால் மட்டுமன்று, வரும் என்று சொல்லப்பட்டதாலும்தான். பக்கத்தின் உச்சியில் இன்னும் நிலையாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் தீபாவளிச் சலுகை, அட்டைப் படத்தில் உள்ள பழைய விலை, மாறிப்போன வாட்ஸாப் எண் ஆகியவற்றையும் அதே அமர்வில் நீக்கிவிடலாம்.

இனி வரைவுக்கு வருவோம். அதன் பெருங்குறை, வாங்குபவர் மனத்தில் உள்ள கேள்வி எதற்கும் அது பதில் சொல்லவில்லை என்பதே. அவர் அறிய விரும்புவது எளியது: இந்தக் கடை இப்போது உண்மையிலேயே நடக்கிறதா, பணம் அனுப்பினால் சேலை வருமா, விலை முன்பு போலத்தானா. தள்ளுபடி இவற்றில் முதல் இரண்டுக்குப் பதிலாகாது. நீண்ட காலம் காணாமல்போன பக்கம் திடீரென விலையைக் குறைத்துக்கொண்டு வரும்போது, தேங்கிய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களோ, வேறு யாரேனும் பக்கத்தைக் கைப்பற்றிவிட்டார்களோ என்ற ஐயமும் எழும். கைப்பற்றப்பட்ட பக்கங்களில் போலிச் சலுகைகள் வருவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். “விலைக்கு இன்பாக்ஸ் வரவும்” என்ற வரி இந்த ஐயத்தைக் கூட்டும். முன்பு எழுதியதற்கே பதில் கிடைக்காதவரை மறுபடியும் அதே இன்பாக்ஸுக்கு அழைப்பது அது.

லைக், ஷேர் கேட்கும் கடைசி வரி வேறு வகையில் கெடுக்கிறது. இவ்வாறு லைக்கையும் ஷேரையும் டேக்கையும் நேரடியாகக் கேட்டு வாங்கும் பதிவுகளை, பயனர்கள் காணும் பதிவு வரிசையில் கீழே தள்ளுவதாக பேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. உண்மையான ஆலோசனையோ உதவியோ கேட்கும் பதிவுகளுக்கு இது பொருந்தாது என்றும் அப்போதே சொன்னது. நீண்ட மௌனத்துக்குப் பின் வரும் பக்கத்துக்கு இது கூடுதல் சுமை. ஒருவர் முன்பு ஒரு பக்கத்தின் பதிவுகளை எவ்வளவு கவனித்தார், கருத்து எழுதினார் என்பதை வைத்தே புதிய பதிவு அவருக்குப் பிடிக்குமா என்று பேஸ்புக் கணிக்கிறது. எட்டு மாதங்களாகக் கவனிக்க எதுவும் இல்லாததால் அந்தக் கணிப்புக்கு அண்மைக்கால ஆதாரம் இல்லை. நாலாயிரம் பேரில் மிகச் சிறிய பங்கினருக்கே முதல் பதிவு தெரியும். அவர்களில் சிலராவது நின்று படித்து ஒரு வரி எழுதினால்தான் அது மேலும் பரவும்.

அதனால் முதல் பதிவில், பழைய வாடிக்கையாளர் தம் அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருப்பது நல்லது. மேலே பார்த்த வரைவை இப்படி மாற்றி எழுதலாம்:

“தீபாவளிக்குப் பின் குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லாததால் பக்கத்தையும் செய்திகளையும் பார்க்க முடியவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தியதற்கு வருந்துகிறோம். இந்த வாரம் முதல் மீண்டும் ஆர்டர் எடுக்கிறோம். படத்தில் உள்ள பன்னிரண்டு சுங்குடிச் சேலைகள் இப்போது கையில் உள்ளன, விலை ரூ.850, கூரியர் தனி. பணம் கிடைத்த மறுநாள் அனுப்பி, ரசீதுப் படத்தை உங்களுக்குத் தருவோம். முன்பு பணம் செலுத்தி இன்னும் சேலை பெறாதவர்கள் யாரேனும் இருந்தால் ஒரு செய்தி அனுப்புங்கள். முதலில் உங்களுக்குத்தான் பதில். முன்பு வாங்கியவர்களிடம் ஒரு கேள்வி: துவைத்துக் கட்டிய பிறகு எந்த நிறம் நன்றாக நின்றது? அடுத்த முறை சாயம் போடச் சொல்லும்போது அதைக் கவனத்தில் கொள்வோம்.”

இதில் மன்னிப்பு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பலர் இந்த இடத்தில் மருத்துவமனை, கடன், மனச்சோர்வு என்று இரண்டு பத்திகள் எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் இரக்கப்படுவார், “சீக்கிரம் நலம் பெறட்டும்” என்று எழுதுவார். ஆனால் துயரச் செய்தியின்கீழ் சேலையின் விலையைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். காரணமே சொல்லாமல் ஒன்றும் நடக்காததுபோல் தொடங்குவதோ, காத்திருந்தவரை அவமதிப்பதாகும். எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதியும் அந்தப் பதிவில் சிறியதாகவே இருக்கிறது என்பதைக் கவனிக்கலாம். “இனி தினமும் புதிய சேலைகள்” என்று எழுதிவிட்டு இரண்டாம் வாரமே ஓய்ந்துபோனால், அடுத்த முறை திரும்பி வருவது இதைவிடக் கடினம்.

படத்திலும் தவறு நேர்கிறது. எழுத்து நிறைந்த போஸ்டரையோ தீபாவளிக்கு எடுத்த பழைய படத்தையோ போட்டால், கடை இப்போது நடக்கிறது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லாமல் போய்விடும். பன்னிரண்டு சேலைகளையும் பாயில் மடித்து வைத்து, சாளரத்து வெளிச்சத்தில் கைபேசியிலேயே எடுத்த படம் போதும். ஒரு சேலையை மட்டும் விரித்து, முடிச்சுப் போட்ட புள்ளிகள் தெளிவாகத் தெரியுமாறு அருகில் இன்னொரு படம் எடுக்கலாம்.

பதிவிட்ட பின் கைபேசியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவதை நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். பதிலே சொல்லாத பக்கம் என்ற பெயர் முன்பே உள்ளது. புதிய பதிவின்கீழ் வரும் முதல் கேள்வியும் அப்படியே கிடந்தால் அந்தப் பெயர் உறுதிப்பட்டுவிடும். இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்து பதில் சொல்ல முடிகிற வேளையில்தான் பதிவிட வேண்டும். குறை சொல்லி வரும் கருத்தை அழிப்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். எழுதியவர் அதை ஸ்கிரீன்ஷாட்டுடன் வேறிடத்தில் மீண்டும் போடுவார். “உங்கள் எண்ணுக்கு இப்போதே அழைக்கிறோம்” என்று அங்கேயே பதில் எழுதி, அழைத்துப் பேசித் தீர்த்தபின் “இன்று பணம் திருப்பி அனுப்பப்பட்டது” என்று அதே இடத்தில் ஒரு வரி சேர்த்தால், அந்தக் குறையே கடைக்குச் சான்றாக மாறும்.

பணம் கட்டிப் பதிவை பூஸ்ட் செய்வதை முதல் நாளில் தவிர்ப்பது நல்லது. பூஸ்ட் செய்தால் பதிவோடு சேர்ந்து அதன்கீழ் உள்ள தீராத குறைகளும் அறிமுகமில்லாத ஆயிரம் பேருக்குப் போகும். முதல் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, இரண்டு மூன்று சேலைகள் விற்று, வாங்கியவர் ஒருவர் “வந்து சேர்ந்தது” என்று எழுதிய பிறகு தேவையானால் செய்யலாம். அப்போதும் பக்கத்தை ஏற்கெனவே பின்தொடர்பவர்களையே இலக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் நாளில் பத்து விருப்பங்கள்கூட வராமல் போகலாம். உடனே பதிவை அழித்துவிட்டு வேறு வாசகத்துடன் மறுபடியும் போடுபவர்கள், ஏற்கெனவே வந்திருந்த இரண்டு மூன்று கருத்துகளையும் சேர்த்தே இழக்கிறார்கள். பதிவை அப்படியே பக்கத்தின் உச்சியில் நிறுத்திவைத்துவிட்டு, நான்கைந்து நாட்கள் கழித்து, கூரியருக்குக் கட்டப்பட்ட பொதிகளின் படத்தை, முகவரிகள் தெரியாதவாறு, இரண்டாம் பதிவாகப் போடலாம். ஆடித் தள்ளுபடி கட்டாயம் தர வேண்டும் என்றால், அதற்குரிய இடம் மூன்றாம் பதிவு.